எல்லாத்தையும் அனுப்பியாச்சே!

"எல்லாத்தையும் அனுப்பியாச்சு. இன்னும் என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

தென்காசிப் பக்கம் அறுபது வயது தாண்டிய இரண்டு பேர் சந்தித்தால், சாரல் எப்படி, அருவியில் தண்ணீர் எப்படி என்ற பேச்சு முடிந்ததும் அடுத்து வருவது இந்த வசனம்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கேட்டு மெயில் அனுப்பியிருப்பார். அவர்கள் "ஆவணங்கள் குறைவு" என்று பதில் போட்டிருப்பார்கள். உடனே, "கட்டுன பிரீமியத்த முழுங்கப் பாக்கான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். நானும் எழுதியவன்தான். ஆனால் இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்தில் பாதித் தடவையாவது தப்பு நம்முடையது. நாம் அனுப்பியது ஆவணங்களை அல்ல, படங்களை. எல்லாத்தையும் அனுப்பியாச்சு என்பதும், அவர்களுக்கு எல்லாம் கிடைத்தது என்பதும் ஒன்றல்ல.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆகஸ்டில் நல்ல சாரல். குற்றாலம் ரோட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்துக் கிடந்தது. ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மனைவி வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு எலும்பு முறிவு. தென்காசியில் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாள் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் தேதி ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பதினோராம் தேதி டிஸ்சார்ஜ். அந்த ஆஸ்பத்திரி எங்கள் பாலிசியின் பட்டியலில் இல்லை. அதனால் கையிலிருந்து கட்டிவிட்டு, அப்புறம் திரும்பக் கேட்கவேண்டிய கணக்கு. வீங்கின கையிலிருந்து சோப்புப் போட்டுக் கழற்றிய இரண்டு வளையலும் அப்படியே நகைக்கடனுக்குப் போயின.

ஆக, எனக்குக் கிளெய்ம் சீக்கிரம் வந்தாகவேண்டும். ஒவ்வொரு மாதமும் வட்டி.

எல்லாக் காகிதத்தையும் கட்டிலில் பரப்பி, போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். மகன் சென்னையில். "எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்கப்பா, நான் மெயில் பண்ணிடறேன்" என்றான். நாற்பத்தாறு படங்கள். ஒரே மெயிலில் போகவில்லை என்று நான்கு மெயிலாக 25-ஆம் தேதி அனுப்பிவிட்டான். ஒவ்வொரு படத்தின் பெயரும் இப்படி:

```
IMG-20220825-WA0012.jpg
IMG-20220825-WA0013.jpg
```

செப்டம்பர் முதல் வாரம் பதில் வந்தது. மூன்று குறைகள். முழுமையான டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. உள்ளே வைத்த பிளேட்டின் இன்வாய்ஸும் ஸ்டிக்கரும் இல்லை. மருந்து பில்களுக்கு டாக்டர் சீட்டு இல்லை. மூன்றையும் என் கண்ணால் பார்த்து, என் கையால் படம் எடுத்திருக்கிறேன்! அப்போது இலஞ்சியிலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். "அத்தான், இவனுவ இப்படித்தான் இழுத்தடிப்பானுவ. மறுபடியும் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. அவனுவ மூஞ்சியிலேயே போடுங்க" என்றான். போட்டோம். நாற்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு ஆயிற்று. பத்து நாள் கழித்து இன்னொரு பதில் வந்தது. பழைய மூன்று குறைகள் அப்படியே. நான்காவதாக ஒன்று: ஒரே பில் இரண்டு முறை வந்துள்ளது, விளக்கம் தருக!

போனில் கத்தினேன். மறுமுனையில் ஒரு பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "சார், உங்க டிஸ்சார்ஜ் சம்மரியோட மொதல் பக்கம் ரெண்டாவது மெயில்ல இருக்கு. ரெண்டாவது பக்கம் நாலாவது மெயில்ல, எக்ஸ்ரே படத்துக்கு அடுத்து, தலைகீழா இருக்கு. இப்பத்தான் தேடிக் கண்டுபிடிச்சேன். ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை மெயில் வருதுன்னு நினைக்கறீங்க?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குக் குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் என்னிடம் இப்படி யாராவது செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் ஆர்எம்எஸ்ஸில் சார்ட்டராக இருந்தவன். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே, புறாக்கூண்டு மாதிரி அறைகளுக்குள் கடிதங்களைப் பிரித்துப் போடுகிற வேலை. ஒரு கடிதத்துக்கு எனக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. உறையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு உரிமையும் இல்லை, நேரமும் இல்லை. வெளியே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். "புளி" என்று தொடங்கி அப்புறம் கிறுக்கியிருந்தால் அது புளியரையா, புளியங்குடியா? இரண்டும் நம் பக்கம்தான், ஆனால் வேறு வேறு பை. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது இதற்காகத்தான். 627 என்று பார்த்ததும் திருநெல்வேலிப் பக்கம். கடைசி மூன்று எண்ணில் 811 என்றால் தென்காசி, 802 என்றால் குற்றாலம். எழுத்து புரியாவிட்டாலும் எண் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முகவரியே இல்லாத கடிதத்தை நாங்கள் தூக்கி எறியவில்லை, ஆனால் அது போகும் வழி வேறு, போய்ச் சேரும் நாளும் வேறு. வாழ்நாள் முழுக்க ஜனங்களைப் பார்த்து "முகவரியை ஒழுங்காக எழுதுங்கய்யா" என்று அலுத்துக்கொண்ட நான், நாற்பத்தாறு முகவரியில்லாத உறைகளை ஒரு பெண்பிள்ளையின் மேசையில் கொட்டியிருக்கிறேன்.

சரி, அந்த மேசையில் என்ன நடக்கிறது? அவளே சொன்னது இது. மெயிலைத் திறப்பது ஒருவர். இணைப்புகளை இறக்கி, இது பில், இது ரிப்போர்ட், இது சீட்டு என்று வகை பிரித்து அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். பிறகு பில் தொகைகளை வரி வரியாகப் பதிவது இன்னொருவர். என்ன நோய், என்ன சிகிச்சை, எத்தனை நாள் தங்கியது நியாயம் என்று பார்ப்பது அங்கே இருக்கிற டாக்டர். டாக்டருக்கு மருந்து பில் வேண்டாம், டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். பில் பதிகிறவருக்கு எக்ஸ்ரே வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை மட்டும் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதி அடுத்த கிளெய்முக்குப் போய்விடுகிறார்கள். அது ஏமாற்று வேலை அல்ல. பெயரில்லாத பொருளை யாரும் எத்தனை நேரம் தேடுவார்கள்?

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். அப்போது நடைமுறையில் இருந்த 2017-ஆம் வருஷத்து ஐஆர்டிஏஐ விதிப்படி, கம்பெனி 30 நாளுக்குள் கிளெய்மைத் தீர்க்கவோ மறுக்கவோ வேண்டும். தாமதித்தால் வங்கி வீதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தரவேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த 30 நாள் எதிலிருந்து? நீங்கள் மெயில் அனுப்பிய நாளிலிருந்து அல்ல. தேவையான கடைசி ஆவணம் அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து. "டிஸ்சார்ஜ் சம்மரி முழுமையாக இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் அனுப்பினீர்கள், அது தலைகீழாக நாலாவது மெயிலில் கிடந்தது என்பதெல்லாம் கடிகாரத்துக்குத் தெரியாது. என் வளையல் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கிளெய்ம் பாரத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அதுவரை கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். நாம் நிரப்புவது பார்ட் ஏ, ஆஸ்பத்திரி நிரப்பி முத்திரை வைப்பது பார்ட் பி. எந்தக் கம்பெனியானாலும் பெரும்பாலும் இதே பாரம்தான். அந்த பார்ட் ஏயில் ஒரு கட்டம் கட்டமான பட்டியல் இருக்கிறது: கிளெய்ம் பாரம், தகவல் சொன்ன கடிதத்தின் நகல், மெயின் பில், பிரேக்அப் பில், பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஆபரேஷன் தியேட்டர் குறிப்பு, ஈசிஜி, பரிசோதனைக்கு டாக்டர் எழுதிய சீட்டு, பரிசோதனை ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள். அதற்குக் கீழே, இணைத்துள்ள பில்களின் விவரம் என்று இன்னொரு அட்டவணை. வரிசை எண், பில் எண், தேதி, கொடுத்தவர், எதற்காக, எவ்வளவு.

அட, புறாக்கூண்டு இங்கேயே இருக்கிறதே! அவர்கள் எந்த அறையில் எதைத் தேடுவார்கள் என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் டிக் கூடப் போடாமல் அனுப்புகிறோம். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வரிசையை அப்படியே எடுத்து, கோப்புகளுக்குப் பெயர் வைத்தேன்:

```
00_INDEX.pdf
01_CLAIM_FORM_A_B.pdf
02_INTIMATION_2022-08-08.pdf
03_MAIN_BILL_58400.pdf
04_BREAKUP_BILL.pdf
05_RECEIPT_58400.pdf
06_DISCHARGE_SUMMARY.pdf
07_PHARMACY_9BILLS_11260.pdf
08_OT_NOTES_IMPLANT.pdf
09_XRAY_BLOOD_ECG.pdf
10_PRE_HOSP_3BILLS_1060.pdf
11_POST_HOSP_2BILLS_1480.pdf
12_ID_BANK.pdf
```

நாற்பத்தாறு படங்கள் பதின்மூன்று கோப்புகள் ஆயின. இதில் சில விஷயங்களைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

எண் ஏன் 1 என்று இல்லாமல் 01? கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்குகிற கம்ப்யூட்டரில் 10 என்பது 2-க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும், முதல் எழுத்து 1 என்பதால். முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் எந்த கம்ப்யூட்டரிலும் வரிசை குலையாது. தேதியில் வருஷத்தை முதலில் எழுதுவதும் இதே காரணத்துக்குத்தான்.

தொகையை ஏன் பெயரில் போட்டேன்? பில் பதிகிறவர் கோப்பைத் திறக்கும் முன்பே எவ்வளவு எதிர்பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிடும். 58,400, 11,260, 1,060, 1,480. கூட்டினால் 72,200. பாரத்தில் நான் கேட்ட தொகையும் அதே 72,200. ரசீதுக் கோப்பின் தொகையைக் கூட்டக்கூடாது, அது மெயின் பில்லைக் கட்டியதற்கான சாட்சி மட்டுமே. முதல் தடவை ரசீதையும் பில் என்று எண்ணி இரண்டு முறை கூட்டியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பில் எண்ணில் சாய்கோடு இருந்தால் அதை அப்படியே கோப்புப் பெயரில் வைக்க முடியாது, விண்டோஸ் விடாது. சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போட்டுவிடுங்கள். அப்புறம், தமிழில் பெயர் வைக்கக்கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழ்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் சில பழைய கணினிகளில் தமிழ்ப் பெயர் வெறும் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். பணம் வரும்வரை ஆங்கில எழுத்து இருக்கட்டும். மெயிலின் கடைசியில் நன்றி என்று தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

ஏழாம் கோப்புதான் முக்கியமானது. அதில் ஒன்பது மருந்து பில்கள். முன்பு எல்லா பில்லையும் ஒன்றாகவும், எல்லா டாக்டர் சீட்டையும் வேறெங்கோ ஒன்றாகவும் அனுப்பியிருந்தேன். இப்போது ஒரு பில், அதற்குப் பின்னாலேயே அந்த மருந்தை எழுதிய சீட்டு. அடுத்த பில், அடுத்த சீட்டு. தேதி வரிசையில். ஒரே சீட்டுக்கு இரண்டு பில் இருந்தால் இரண்டு பில்லையும் வைத்துவிட்டு அந்தச் சீட்டு. பில் பார்க்கிறவர் கேட்கும் கேள்வி "இந்த மருந்தை யார் எழுதினார்கள்?" என்பது ஒன்றுதான். சீட்டு கிடைக்காத பில்லை அடித்துவிடுவார்கள்.

எட்டாம் கோப்பில் ஆபரேஷன் குறிப்பு, பிளேட் இன்வாய்ஸ், அந்தப் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். எலும்புக்குப் பிளேட், கண்ணுக்கு லென்ஸ், இதயத்துக்கு ஸ்டென்ட் என்று எது வைத்தாலும் ஸ்டிக்கர் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அதை சாதாரண ரிப்போர்ட்டோடு கலந்துவிட்டால் என் கதைதான்.

படம் எடுப்பதிலும் தவறு செய்திருந்தேன். வாட்ஸ்அப்பில் போட்டால் படத்தை அது சுருக்கிவிடும். பில்லின் மொத்தத் தொகை தெரியும், அடியில் இருக்கும் பொடி எழுத்து குழம்பிவிடும். மருந்துக்கடை மெஷின் பில் வழவழப்பான தாளில் வருவது, நாளாக நாளாக வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிடவேண்டும். காகிதங்களைக் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் கோப்பு சின்னதாகும். ஆனால் எக்ஸ்ரே படத்தை அப்படிச் செய்தால் வெறும் கறுப்புதான் வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து சாதாரணப் படமாக எடுத்தேன். லேப் அனுப்பிய ரத்த ரிப்போர்ட் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப். நமக்குத் திறக்கும், அவர்களுக்குத் திறக்காது. திறந்து வைத்துக்கொண்டு, பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பிடிஎஃப்பாகச் சேமித்தால் பூட்டு போய்விடும்.

எடை ஒரு விஷயம். ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம். அதற்கு மேல் போனால் அது கோப்பை இணைக்காமல் ஒரு டிரைவ் லிங்க் வைத்துவிடும். வெளி லிங்க்கைத் திறக்க பல அலுவலகங்களில் அனுமதி கிடையாது. வாங்குகிற பக்கத்தில் வரம்பு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். போகிற வழியில் இணைப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கவும் செய்யும், ஏனென்றால் மெயில் அதை எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. 9 எம்பி அனுப்பினால் அங்கே போகும்போது 12. என் பதின்மூன்று கோப்பும் சேர்ந்து 7 எம்பிதான் வந்தது. ஒரே மெயில். கட்டாயம் இரண்டு மெயில் ஆகும் என்றால் தலைப்பிலேயே எத்தனையில் எத்தனை என்று எழுதவேண்டும்:

```
Claim No ... | Policy No ... | Patient name | DOA 08-08-2022 | Mail 1 of 2
```

இனி எதிர்ப்பேச்சுகளுக்கு வருகிறேன்.

முதல் பேச்சு மச்சினனுடையது. "பிரீமியம் வாங்குறவன் அவன். அவன் வேலைய நாம ஏன் பாக்கணும்?" நியாயமாகத் தெரிகிறது. ஆனால் எந்தக் காகிதம் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். எக்ஸ்ரே விழுந்த அன்று எடுத்ததா, ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்ததா என்பதை நான் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவேன். அவள் கோப்பைத் திறந்து, பெரிதாக்கி, தேதியைத் தேடிப் படிக்கவேண்டும். முகவரி எழுதுவது அனுப்புகிறவன் வேலை, பிரிப்பதுதான் சார்ட்டர் வேலை.

இதில் மச்சினன் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கமாட்டேன். 2024 மே 29-ல் ஐஆர்டிஏஐ ஒரு மாஸ்டர் சர்க்குலர் போட்டது. ஆஸ்பத்திரி ஆவணங்களுக்காகப் பாலிசிதாரரை அலைக்கழிக்காமல் கம்பெனியும் டிபிஏவும் ஆஸ்பத்திரியிடமே வாங்கிக்கொள்ளவேண்டும் என்கிறது அது. மெயின் பில்லையும் தியேட்டர் குறிப்பையும் உங்களிடம் மறுபடி மறுபடி கேட்டால் அந்த சர்க்குலரைத் தேதியோடு பதில் மெயிலில் எழுதுங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் சேருமுன் தென்காசி டாக்டருக்குக் கொடுத்த பணம், டிஸ்சார்ஜ் ஆன பிறகு நம் தெருக்கடையில் வாங்கிய மாத்திரை, இவற்றின் பில்லை எந்த ஆஸ்பத்திரி கொடுக்கும்? என் பத்தாம் கோப்பும் பதினோராம் கோப்பும் உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தன.

இரண்டாவது பேச்சு, "எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா போட்டுட்டா வேலை முடிஞ்சுது." இதை நம் ஜெராக்ஸ் கடைகளில் ஒரு மருத்துவம் மாதிரி எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். நாற்பத்தாறு உறையை ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் அது பிரித்ததாகுமா? டாக்டருக்கு வேண்டிய சம்மரி இருபத்தேழாம் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் முழு மூட்டையையும் மறுபடி அனுப்பவேண்டும். ஒரு வகைக்கு ஒரு கோப்பு என்பதே சரி. கம்பெனியின் இணையதளம் ஒரே கோப்பைத்தான் ஏற்கும் என்றால் அப்போது மட்டும் ஒன்றாக்குங்கள். அதிலும் இதே வரிசை, முன்னால் எந்தப் பக்கத்தில் என்ன என்று ஒரு பக்கப் பட்டியல்.

மூன்றாவது, "மறுபடியும் எல்லாத்தையும் அனுப்பு." இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு குறை கேட்டால் அந்த ஒன்றை மட்டும், அதே மெயிலுக்குப் பதிலாக, அதே எண்ணில் அனுப்பவேண்டும். எட்டாம் கோப்பில் ஸ்டிக்கர் தெளிவில்லை என்றால் 08A என்று பெயர் வைத்து அதை மட்டும். புது மெயில் தொடங்கினால் அது புதுக் கடிதமாக வேறு ஒருவர் மேசைக்குப் போகும். எல்லாவற்றையும் அனுப்பினால் ஒவ்வொரு பில்லும் இரண்டாகும், சந்தேகமும் இரண்டாகும்.

இவ்வளவு நம்மைத் திட்டிவிட்டேன். அந்த மேசைக்கு மேலே இருக்கிறவர்களை விட்டுவிடுவேனா? ஒரு ரிஜிஸ்டர் தபால் வாங்கினால் நாங்கள் ரசீது கொடுத்தோம், அதில் எண் இருந்தது. அந்த எண்ணுக்கு நாங்கள் பொறுப்பு. இவ்வளவு பெரிய கம்பெனிகள், "உங்கள் மெயில் கிடைத்தது" என்று ஒரு தானியங்கிப் பதில் போடுகிறார்களே, அதில் "கிடைத்த இணைப்புகள் இவை" என்று பெயர்களை எழுத என்ன கேடு? எத்தனை எம்பி வரை வாங்குவோம் என்று பாரத்திலேயே ஒரு வரி அச்சடிக்க என்ன கேடு? "ஆவணங்கள் குறைவு" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை விட்டு, எந்தக் கோப்பில் எந்தப் பக்கம் என்று எழுத என்ன கேடு? நமக்கு ஒழுங்கு வேண்டும் என்றால் அவர்களுக்கும் வேண்டும்.

அவர்கள் தரும்வரை நம் ரசீதை நாமே எழுதிக்கொள்வோம். 00 என்ற பட்டியலை மெயிலின் உடம்பிலேயே தட்டச்சு செய்து, கடைசியில் "மொத்தம் 13 கோப்புகள், கிடைத்ததை உறுதி செய்யவும்" என்று எழுதினேன். நாளைக்கு விவகாரம் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் வரை போனால், என்றைக்கு எதை அனுப்பினோம் என்பதற்கு அந்த ஒரு மெயில் போதும். ஒரிஜினல் காகிதங்களைக் கூரியரில் கேட்டார்கள். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் பென்சிலால் அதே எண்ணை எழுதி, அதே வரிசையில் அடுக்கி, ஒரு ஜெராக்ஸ் செட் வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்பினேன். மெயிலில் 07 என்பது கூரியரிலும் 07.

செப்டம்பர் 20-ல் அனுப்பினேன். இம்முறை குறை ஒன்றும் வரவில்லை. அக்டோபர் முதல் வாரம் 67,310 ரூபாய் வங்கிக்கு வந்தது. கேட்டதில் 4,890 குறைவு, பட்டியலோடு. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று பாலிசியில் இல்லாத அயிட்டங்கள் பெரும்பகுதி. அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் 1,240 ரூபாய் மருந்து பில் ஒன்றை "சீட்டு இல்லை" என்று அடித்திருந்தார்கள். முன்பாக இருந்தால் கத்தியிருப்பேன். இப்போது ஒரே வரி எழுதினேன்: "07-ஆம் கோப்பு, ஐந்தாம் பக்கம் பில், ஆறாம் பக்கம் சீட்டு." நான்காம் நாள் 1,240 வந்துவிட்டது. கோபத்தில் தொண்ணூற்றிரண்டு படம் அனுப்பியும் கிடைக்காத பதில், ஒரு பக்க எண்ணுக்குக் கிடைத்தது.

வளையலைத் திருப்பிக்கொண்டு வந்தபோது கை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. இடது கையில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

போன மாதம் மச்சினனுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். பில்லெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். "அத்தான், லென்ஸ் ஸ்டிக்கரக் கேட்டு வாங்கிட்டேன். இத எட்டுலதான போடணும்?" என்றான்.

"ஆமா மாப்ளே. மொதல்ல பென்சில எடு" என்றேன்.